புகார் கடிதத்துக்கு எச்.ஆர். எழுதும் முதல் பதில்

"உங்கள் புகார் கிடைத்தது. நிர்வாகம் இதைக் கடுமையாகக் கருதுகிறது. விரைவில் விசாரிக்கப்படும்." பினாங்குத் தொழிற்சாலைகளில் எச்.ஆர். அனுப்பும் பதில் பல நேரம் இதோடு முடிந்துவிடுகிறது. யார் விசாரிப்பார், எதைப் பார்ப்பார், எந்தத் தேதிக்குள் முடிப்பார் என்று ஒரு சொல்கூட இருக்காது. இதை வாங்கிக்கொண்டு போகிறவர் அடுத்து தொழிலாளர் இலாகா வாசலில்தான் நிற்பார். அவரைக் குறை சொல்ல முடியாது.

பாயான் லெப்பாஸில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் ஓர் ஆப்பரேட்டரை எடுத்துக்கொள்வோம். அடிப்படைச் சம்பளம் 2,080 ரிங்கிட், நாளுக்கு 8 மணி நேர வேலை. மார்ச்சில் சாதாரண வேலை நாட்களில் 40 மணி நேரம் ஓவர்டைம் செய்திருக்கிறார், சம்பளச் சீட்டில் 18தான் இருக்கிறது. கேட்கப் போனவரை லைன் சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் ஏசிவிட்டார். எழுத்தில் புகார் வந்திருக்கிறது.

பதிலில் முதலில் வரவேண்டியது, புகார் என்ன என்பதை எச்.ஆர். புரிந்துகொண்ட விதம்:

"12.4 தேதியிட்ட உங்கள் கடிதம் 13.4 அன்று கிடைத்தது. அதில் இரண்டு விஷயங்களைக் கூறியுள்ளீர்கள். ஒன்று, மார்ச்சில் 40 மணி நேர ஓவர்டைமுக்கு 18 மணி நேரச் சம்பளமே வந்துள்ளது. இரண்டு, 8.4 அன்று இதைக் கேட்டபோது சூப்பர்வைசர் மற்றவர்கள் முன்னிலையில் உங்களைத் தகாத சொற்களால் ஏசினார். இதில் ஏதும் விடுபட்டிருந்தால் 17.4க்குள் தெரிவிக்கவும்."

இந்தப் பகுதியில்தான் பல கடிதங்கள் கெட்டுப்போகின்றன. "சம்பளம் தொடர்பான கருத்து வேறுபாடு" என்று சுருக்கி எழுதினால் ஏசிய விஷயம் காணாமல் போய்விடும். விசாரிப்பவரும் சம்பளக் கணக்கை மட்டும் பார்த்து ஃபைலை மூடிவிடுவார். "தவறான புரிதலாக இருக்கலாம்" என்று ஆறுதலுக்காக எழுதுவது அதைவிட மோசம். விசாரணைக்கு முன்பே தீர்ப்பு எழுதின மாதிரி ஆகிவிடும்.

அடுத்தது விசாரணை. பஞ்ச் கார்டு பதிவு, கேட் பதிவு, சூப்பர்வைசர் கையெழுத்திட்ட ஓவர்டைம் படிவம், கேமரா பதிவு ஆகியவற்றைக் கடிதம் அனுப்பும் அன்றே பத்திரப்படுத்த வேண்டும். கேமரா பதிவுதான் முதலில் போய்விடும், சில வாரங்களில் பழையதன் மேல் புதியது ஏறிவிடும். பஞ்ச் பதிவில் 40 இருந்து படிவத்தில் 18 இருந்தால், அந்த எண்ணை யார், எப்போது மாற்றினார் என்பதே முதல் கேள்வி. அதனால் விசாரிப்பவர் அந்த சூப்பர்வைசருக்கு மேலே உள்ள மேனேஜராகவும் இருக்கக்கூடாது, அந்தச் சம்பளத்தைப் போட்ட கிளார்க்காகவும் இருக்கக்கூடாது. விசாரிப்பவரின் பெயரும் பதவியும் கடிதத்தில் இருக்கட்டும். புகார் செய்தவரிடம் என்று பேசுவார்கள், சாட்சிகளிடம் என்று, சூப்பர்வைசரின் விளக்கம் எப்போது கேட்கப்படும், முடிவு எந்தத் தேதியில் எழுத்தில் வரும் என்பதும் இருக்கட்டும். ஆப்பரேட்டருக்கு மலாய்க் கடிதம் புரியாவிட்டால் தமிழில் விளக்க ஆள் வைப்பதாகவும் ஒரு வரி போடலாம்.

விசாரணை நடக்கும்போது புகார் செய்தவரை வேறு ஷிஃப்டுக்கு மாற்றும் பழக்கம் ஒன்று இருக்கிறது. பாதுகாப்புக்காகத்தான் என்பார்கள், ஆனால் இரவு அலவன்ஸ் போவது அவருக்குத்தான். ஓவர்டைம் ஒப்புதலை வேறொருவர் கைக்கு மாற்றினாலே போதும். சூப்பர்வைசரைத் தள்ளி வைத்தே ஆகவேண்டும் என்றால், 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 14ஆம் பிரிவுப்படி விசாரணைக்காக 2 வாரம் வரைதான் இடைநீக்கம் செய்யலாம், பாதிச் சம்பளமாவது கொடுக்க வேண்டும். குற்றமில்லை என்று தெரிந்தால் பிடித்த மீதியையும் கொடுத்தாக வேண்டும்.

ரகசியம் பற்றி எழுதும்போது கவனம் தேவை. "யாருக்கும் தெரியாது" என்று வாக்குக் கொடுக்க முடியாது, குற்றச்சாட்டு என்னவென்று சூப்பர்வைசருக்குத் தெரியாமல் அவர் எப்படிப் பதில் சொல்வார்? "விசாரணைக்குத் தேவைப்படுவோருக்கு மட்டும்" என்பதே நேர்மையான வரி. தொழிலாளர் இலாகாவுக்குப் போகக்கூடாது என்று தடை போடுவது கூடவே கூடாது. (இதே புகார் பாலியல் தொல்லை பற்றியதாக இருந்து, முதலாளி விசாரிக்க மறுத்தால், 30 நாளுக்குள் காரணத்தோடு எழுத்தில் சொல்லியாக வேண்டும்.)

பாக்கி எவ்வளவு என்ற கணக்கை முதல் கடிதத்தில் போட வேண்டாம். அது முடிவுக் கடிதத்துக்குரியது. அடிப்படைச் சம்பளம் 2,080ஐ மட்டும் எடுத்து 26ஆல் வகுத்தால் நாளுக்கு 80, 8ஆல் வகுத்தால் மணிக்கு 10, ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு என்றால் 15. விடுபட்ட 22 மணி நேரத்துக்கு 330 ரிங்கிட். புகார் உண்மை என்று தெரிந்தால் சம்பளச் சீட்டில் இதை "மார்ச் ஓவர்டைம் பாக்கி" என்று தனி வரியில் காட்ட வேண்டும். அலவன்ஸ் என்று போட்டால் இபிஎஃப் பிடித்துவிடுவார்கள். ஓவர்டைமுக்கு இபிஎஃப் கிடையாது, சொக்சோ உண்டு.