முகச் சிவப்பு பழகினால் போய்விடுமா?

“கொஞ்சம் குடித்ததும் முகம் சிவந்து நெஞ்சு படபடத்தால் பயப்படாதே, பழகப் பழகச் சரியாகிவிடும்.”

இது தவறு, ஆபத்தான தவறும்கூட. உடலுக்குள் போன மதுவைக் கல்லீரல் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருளாக மாற்றுகிறது. அதைத் தீங்கற்ற அசிட்டேட்டாக மாற்றுவது ஏஎல்டிஎச்2 என்ற நொதி. கிழக்காசிய வம்சாவளியினரில் மூன்றில் ஒருவருக்கு மேல் இந்த நொதியின் மரபணு மாறியிருக்கிறது. அவர்களுக்கு நச்சு ரத்தத்தில் தேங்கி, நாளங்கள் விரிகின்றன. முகம் சிவக்கிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது.

பெற்றோர் இருவரிடமிருந்தும் அந்த மாற்றத்தைப் பெற்றவருக்கு ஒரு கோப்பையே தாங்காது. பெரும்பாலும் குடிப்பதையே விட்டுவிடுவார். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர்தான் கவலைக்குரியவர். அவரால் பழகிக்கொள்ள முடியும், சிவப்பும் குறையலாம். ஆனால் நொதி அப்படியேதான் இருக்கும். அசிட்டால்டிஹைடு செல்களின் டிஎன்ஏவைச் சிதைக்கும், எச்சிலிலும் சேரும். அதனால் அவர் தொடர்ந்து குடித்தால் உணவுக்குழாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு, அதே அளவு குடிக்கும் மற்றவரைவிடப் பல மடங்கு அதிகம்.

குடிப்பதற்கு முன் அமிலம் குறைக்கும் ஃபமோடிடின் மாத்திரை போடுவதும் இதே கதைதான். சிவப்பு மறையும், நச்சு குறையாது. எச்சரிக்கை மணியை அணைத்துவிட்டு இன்னும் அதிகமாகக் குடிக்கத்தான் அது வழிசெய்கிறது.

ரோசேசியா என்ற தோல் நோயாலும் சில மருந்துகளாலும்கூட முகம் சிவக்கலாம். ஆனால் குடிக்கத் தொடங்கிய முதல் ஓரிரு ஆண்டுகளில் சிறிதளவுக்கே சிவந்தவர் என்றால், இந்த மரபணு மாற்றம் இருக்கவே வாய்ப்பு அதிகம்.