அம்மா கறுப்புதான், கறுப்பாவே குடுங்க

ஆன்லைன்ல போட்டோ பெருசு பண்ணி பிரேம் போட்டு குடுக்குறவங்களுக்கு நான் நேத்து அனுப்பின கடுதாசிய பத்திதான் இந்த பதிவு. பேரு சொல்லல, பதில் வரட்டும்.

அடுத்த மாசம் அம்மாவுக்கு முதல் திதி. எங்க கிட்ட இருக்கிற நல்ல படம் ஒண்ணே ஒண்ணுதான், 1986 தீபாவளிக்கு சுங்கை சிப்புட் டவுன் ஸ்டூடியோவுல மர நாற்காலில உக்காந்து எடுத்தது. தோட்டத்துல இருபத்தாறு வருஷம் பால்மரம் வெட்டுனவங்க, காலைல இருட்டுல கெளம்பி மங்குல பால் எடுத்து முடிச்சு வெயில்ல காண்டா தூக்கிட்டு வருவாங்க, அந்த கறுப்பு அப்படியே அந்த படத்துல இருக்கு. லைட்டு ஒரு பக்கமா அடிச்சதால இடது கன்னம் மட்டும் நெழல்ல போயிருக்கு. அதனால ஆர்டர் பாரத்துல தெளிவா எழுதினேன்: "இடது கன்னத்து நெழல மட்டும் கொறைங்க, நெத்தியில என்ன நெறமோ அந்த அளவுக்கு வந்தா போதும், வேற எதையும் தொடாதீங்க." 180 வெள்ளி கட்டியாச்சு.

படம் வந்து பிரிச்சா நெத்தியே மாறி கெடக்கு. நான் வாய தொறக்கல, எங்க சின்னம்மாதான் கிட்ட வந்து பாத்துட்டு கேட்டாங்க, "அக்கா தாலிக்கொடி ஏன்டி வெளுத்து போயிருக்கு, கவரிங் மாதிரி?"

அந்த கேள்விலதான் எனக்கு விஷயமே புரிஞ்சுது. நான் கல்யாண ஆல்பம் போடுற கடையில ஆறு வருஷம் எடிட்டிங் பண்ணவ. நம்ம தோலு பழுப்பு, கம்ப்யூட்டர் கணக்குல அது ஆரஞ்சு நெறத்துலதான் சேரும். ஆரஞ்சோட வெளிச்சத்த மட்டும் ஏத்துறதுக்கு ஒரு பட்டை இருக்கு, அத இழுத்தா ரெண்டு செகண்டுல ஆளு வெள்ளையாயிடும். ஆனா அதுக்கு அம்மா கன்னம் எது தங்கம் எது மரம் எதுன்னு தெரியாது, ஆரஞ்சா இருக்கிறது எல்லாத்தையும் சேத்து வெளுக்கும். அதான் தாலிக்கொடியும் போச்சு, நாற்காலி கையும் பலகை மாதிரி ஆச்சு. பின்னாடி இருக்கிற வெள்ளைச் சுவரு மட்டும் அப்படியே இருக்கு! படம் முழுக்க வெளிச்சம் ஏத்தியிருந்தா சுவருதான மொதல்ல கண்ண கூசும்?

கேட்டதுக்கு "உங்க போன் ஸ்கிரீன் பிரைட்டா இருக்கும், பிரிண்ட்லயும் கொஞ்சம் மாறும்"னாங்க. சரின்னு அவங்க பிரிண்ட் போட்ட பைலையே கேட்டு வாங்கி, நான் அனுப்பின ஸ்கேன் பக்கத்துல வச்சு அளந்தேன். சிவப்பு பச்சை நீலம்னு மூணு நம்பர் வரும், மூணும் 0 ஆனா முழு கறுப்பு, மூணும் 255 ஆனா முழு வெள்ளை. என் ஸ்கேன்ல நெத்தி 118, 82, 60. நெழல் விழுந்த கன்னம் 74, 50, 37. நான் கேட்டது அந்த 74 ஏறக்குறைய 118 ஆகணும், அவ்வளவுதான். அவங்க குடுத்ததுல நெத்தி 186, 150, 124, கன்னம் அதுக்கு கொஞ்சம் கீழ. சுவரு 228 இருந்தது 229. ஸ்கிரீன் எவ்வளவு பிரைட்டா வச்சாலும் பைல்ல இருக்கிற நம்பர் மாறாது லா.

அப்புறம்தான் உண்மை வந்துச்சு. "இந்தியன் கஸ்டமர் எல்லாரும் வெள்ளையா இருந்தாதான் விரும்புவாங்க, அதனால எப்பவுமே ஏத்திதான் குடுப்போம்"னு ஒரு பொண்ணு சொல்லுச்சு. என் பாரத்த யாரும் படிக்கவே இல்ல, கோவம் அதுல. பிலிம் காலத்துல கோடாக் காரங்க லேப்புக்கு ஒரு வெள்ளைக்கார பொண்ணு படத்த அனுப்பி, அந்த தோலு சரியா வந்தா போதும்னு மெஷின செட் பண்ண வச்சாங்க, ஷெர்லி கார்டுன்னு பேரு. பழுப்பு நெறம் ஒழுங்கா விழணும்னு பிலிம திருத்துனதுக்கே மர நாற்காலி மேசை விக்கிறவங்களும் சாக்லேட் விக்கிறவங்களும் பண்ண புகார்தான் பெரிய காரணம்னு அந்த கம்பெனில வேல செஞ்சவங்களே சொல்லியிருக்காங்க. இங்க அம்மாவும் போச்சு, நாற்காலியும் போச்சு.

கடுதாசில நான் கேட்டது இதுதான். வெளுத்த பைல திரும்ப கறுப்பாக்கி குடுக்க கூடாது, அப்படி பண்ணா முகம் சாம்பல் பூத்த மாதிரி வரும், முதல் ஸ்கேன்ல இருந்தே செய்யணும். கன்னத்த மட்டும் பிரஷ் வச்சு ஏத்தணும். பிரிண்டுக்கு முன்னாடி பைல எனக்கு காட்டணும், நெத்தி நம்பர் என் ஸ்கேனோட ஒத்துப்போகணும். முடியாதுன்னா 180 வெள்ளியும் திரும்ப வேணும். 14 நாள் டைம் குடுத்திருக்கேன். 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்துல, எதுக்கு வேணும்னு சொல்லி ஒரு வேலைய குடுத்தா அதுக்கு ஏத்த மாதிரி செஞ்சு தரணும்னு இருக்கு. தரலனா பயனீட்டாளர் தீர்ப்பாயம், வக்கீல் வேணாம், பதிவுக்கு 5 வெள்ளி. ஆர்டர் பாரம், ரெண்டு பைல், ரசீது எல்லாம் எடுத்து வச்சாச்சு.

பெரிய படத்த சுவத்த பாத்து திருப்பி வச்சிருக்கேன். சாமி மேடையில இப்போதைக்கு அந்த சின்ன ஸ்டூடியோ படம்தான், சின்னம்மா அதுக்குதான் பூ வைக்கிறாங்க.