ஜூன் மாசத்துல எனக்கு நேரம் குறையுதாம்!

இன்னைக்குக் காலையில டியூட்டி முடிச்சு பையை மாட்டுறேன். சூப்பர்வைசர் கூப்பிட்டு, "ஜூன்ல உங்களுக்கு 168 மணி நேரம்தான் வருது, மூணரை மணி நேரம் குறையுது, அடுத்த மாசம் ஒரு ஷிஃப்ட் சேர்த்துப் போட்டுடறேன்"ங்கிறாங்க. எனக்கு! மூணு மாசமா வார லீவுல கூப்பிட்டா வந்து நின்ன எனக்கு!

அந்த ஷீட்டைக் காட்டுங்கன்னு வாங்கிப் பார்த்தேன். ஜூன்ல 21 ஷிஃப்ட், ஷிஃப்டுக்கு எட்டு மணி நேரம், 168. சரி. நான் எடுத்த ரெண்டு நாள் சம்பள லீவு எங்கே? கட்டம் காலியா கிடக்கு. காலிக் கட்டத்தை ஷீட் பூஜ்யமாத்தான் கூட்டும். லீவு நாளுக்கும் எட்டு மணி நேரம் எழுதணுங்க, அது ஒப்பந்தத்துல எனக்குச் சேர்ந்த நேரம். எழுதினா 184. 30 நாள் மாசத்துக்கு நான் தர வேண்டியது எவ்வளவு? வாரத்துக்கு 40 மணி நேரம், அதை 30 நாளால பெருக்கி ஏழால வகுத்தா 171.4. அப்போ எனக்குக் குறையலை, பன்னிரண்டரை மணி நேரத்துக்கு மேல கூடியிருக்கு. லீவு எடுத்தவங்க எல்லாருமே இந்த ஷீட்டுல கடன்காரங்கதான்.

இதைச் சொன்னா, "ஒரு மாசம் கூடும், ஒரு மாசம் குறையும், சரியாயிடும்"னு பதில். ஒரு மாசம்னா நானும் வாயைத் திறக்க மாட்டேன். 171.4ஐ எட்டால வகுத்தா முழு எண்ணு வராது, 21 ஷிஃப்டோ 22 ஷிஃப்டோதான் போட முடியும். மாசக் கடைசி ராத்திரி டியூட்டியில பாதி நேரம் அடுத்த மாசக் கணக்குக்குப் போயிடும். இந்த மாதிரி ஒரு ஷிஃப்ட் அளவு முன்னே பின்னே இருக்கிறது யார் தப்பும் இல்லை. ஆனா அப்படி வர்ற வித்தியாசம் ஒரு மாசம் இந்தப் பக்கம், ஒரு மாசம் அந்தப் பக்கம்னு மாறி மாறி வரணும். மாசா மாசம் ஒரே பக்கமா சாய்ஞ்சா அது தற்செயல் இல்லை, ரோட்டா போடுறவங்க கைப்பழக்கம்.

அங்கேயே உக்காந்து பழைய ரோட்டாவை எடுத்துக் கூட்டினேன். ஏப்ரல்ல எனக்கு 184, மே மாசம் 192, ஜூன் லீவோட 184. மொத்தம் 560. ஏப்ரல், மே, ஜூன் மூணும் சேர்ந்தா 91 நாள், சரியா 13 வாரம், ஒப்பந்தப்படி 520. நாப்பது மணி நேரம் கூட! முழுசா ஒரு வாரத்து உழைப்புங்க அது. ஒவ்வொரு மாசமும் கணக்கைப் புதுசா பூஜ்யத்துலேர்ந்து ஆரம்பிக்கிறாங்க, போன மாச மிச்சத்தை அடுத்த மாசத்துக்குக் கொண்டு போறதே இல்லை. மே மாசத்தைக் கேட்டா "அது 31 நாள் மாசம்"னு முடிச்சுட்டாங்க. 31 நாளுக்கும் 177.1தானே வருது? 192 எங்கேருந்து வந்துச்சு?

இன்னும் வயிறு எரியறது எதுக்குன்னா, எங்க டீமுக்குப் புதுசா வந்த தம்பிக்கு. அவனுக்கும் வாரம் 40 மணி நேரம்தான் ஒப்பந்தம். மூணு மாசமும் இருபது இருபது ஷிஃப்ட், 160 மணி நேரம். நாலு வாரத்துக்கு 160னு யாரோ மனசுல போட்டு வச்சுட்டாங்க, பிப்ரவரி 28 நாளுக்கு மட்டும் பொருந்துற கணக்கு அது. மூணு மாசத்துல அவனுக்கு நாப்பது மணி நேரம் குறைவு. "கேட்ட நேரத்துக்கெல்லாம் வரத் தயாரா இருக்கேண்ணா, போட மாட்டேங்கிறாங்க"ன்னு என்கிட்ட எத்தனை தடவை சொல்லியிருக்கான்! குறைஞ்ச நேரத்துக்கு அவன் சம்பளத்துலதான் கை வைக்கிறாங்க.

இப்போ என்னோட கூடுதல் நாப்பதையும் அவனோட குறைவு நாப்பதையும் கூட்டுங்க. பூஜ்யம். மேலிடத்துக்குப் போற ரிப்போர்ட்டுல டீம் மொத்தம் மட்டும்தான் இருக்கு, அதனால எல்லாம் சரியா இருக்கறதா அங்கே தெரியுது. ஆள் ஆளா பேர் எழுதி, மூணு மாச வித்தியாசத்தைப் பக்கத்துப் பக்கத்துல போட்டு, கடைசியில ஒரு மொத்தக் கட்டம் வச்சிருந்தா பத்து நிமிஷத்துல கண்ணுல பட்டிருக்கும். என்னோட அஞ்சு ஷிஃப்ட்டை அவனுக்குக் கொடுத்திருந்தா ரெண்டு பேருக்கும் நேர் ஆகியிருக்கும்!

எழுதிக் காட்டினதும், "சரி பார்க்கிறேன்"னாங்க. அடுத்த மாச ரோட்டா சாயங்காலம் குரூப்புல வந்துச்சு. கம்ப்யூட்டர் திரையைச் சாய்வா ஃபோட்டோ எடுத்து அனுப்பியிருக்காங்க, என் பேர் இருக்கிற வரிசை பாதிக்கு மேல வெட்டுப்பட்டிருக்கு. ஃபைலாவே அனுப்புங்கன்னு எத்தனை மாசமா கேட்கிறோம்!