ஆசிரியர் வேலைக்கான ரெஸ்யூமேயில் டியூஷன் ஆண்டுகளை எந்தத் தலைப்பில் எழுதுவது?

"மூணு வருஷம் வீட்டுல டியூஷன் எடுத்தேன். ரெஸ்யூமேல '3 வருட ஆசிரியர் அனுபவம்'னு போட்டா போதும், யாரும் கேக்க மாட்டாங்க" என்கிறார் ஒருவர்.

கேட்பார்கள். ஆசிரியர் அனுபவம் என்று எழுதினால் பள்ளியின் பெயரையும் அனுபவச் சான்றிதழையும் கேட்பது வழக்கம். அங்கே திணறினால் மற்ற வரிகளின் மீதும் சந்தேகம் வரும். டியூஷனை எழுதவே கூடாது என்று வேறு சிலர் சொல்வதும் பாதிதான் சரி. அது பள்ளி அனுபவம் அன்று, ஆனால் கற்பித்த அனுபவமே. ஆகவே 'தனிப்பயிற்சி' என்று தனித் தலைப்பிட்டு, "ஜூன் 2021 – மார்ச் 2024, வீட்டில், 10ஆம் வகுப்புக் கணிதம், 6 மாணவர்கள், வாரம் 5 நாள், தினம் ஒன்றரை மணி நேரம்" என்பதுபோல் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். அதன் கீழே, "காரணிப்படுத்தலில் தடுமாறியவர்களுக்கு 8ஆம் வகுப்பு இயற்கணிதத்திலிருந்து மீண்டும் தொடங்கினேன்" என்று ஒரு வரி இருந்தால், நேர்காணலில் கேள்வி அங்கிருந்தே பிறக்கும், நீங்களும் கரும்பலகையில் போட்டுக் காட்டலாம். அதற்குப் பதில் 'அனைவரும் 90-க்கு மேல்' என்று எழுதினால், அந்த வரியை எவர் சரிபார்ப்பது? நாற்பது பேர் உள்ள வகுப்பைச் சமாளிப்பீர்களா என்று கேட்டால், பி.எட். கற்பித்தல் பயிற்சியைச் சொல்லுங்கள். ஆறு பேர் டியூஷன் அதற்குப் பதிலாகாது. சம்பளம் நிர்ணயிக்கையில் இந்த ஆண்டுகளைக் கணக்கில் எடுப்பார்களா என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும்.

பள்ளியில் பணிபுரிந்துகொண்டே மாலையில் டியூஷன் எடுப்பவரின் நிலை வேறு. கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் 28ஆம் பிரிவு ஆசிரியர்கள் தனிப்பயிற்சி நடத்துவதைத் தடுக்கிறது. இரண்டையும் ஒரே காலத்தில் காட்டினால் அவரே எழுதிக்கொடுத்த ஒப்புதலாகிவிடும்.