கடைமடைக்கும் ஒரு வழி சொல்லியிருக்கலாம்

“அடுத்த பருவத்தில் ஊரே ஒரே சமயத்தில் நடவு செய்வோம்.” – அறுவடை விழாவில் தலைவர்.

நல்ல திட்டம், முழுமனதோடு வரவேற்கிறேன். வயலுக்கு வயல் பயிரின் வயது மாறினால் புகையானும் குருத்துப்பூச்சியும் முதிர்ந்த பயிரிலிருந்து இளம்பயிருக்குத் தாவிக்கொண்டே இருக்கும். கடைசியில் நட்டவருக்குத்தான் பெரிய அடி. இரண்டு மூன்று வாரத்துக்குள் நடவு முடிந்தால், அறுவடைக்குப் பிறகு எங்கும் பயிரில்லாத இடைவெளி கிடைத்து அந்தச் சங்கிலி அறும்.

ஆனால் கடைமடைக்குத் தண்ணீர் 15 நாள் தாமதமாக வந்தால் என்ன செய்வது? அங்குதான் பொது நாற்றங்கால் வேண்டும். வாய்க்கால் தலைப்பில், 100 ஏக்கர் நடவுக்கு சுமார் 8 ஏக்கர். தலைமடைக்கு 135 நாள் ரகத்தை முதலில் விதைக்கலாம். கடைமடைக்கு 120 நாள் ரகத்தை 15 நாள் கழித்து அதே இடத்தில் விதைத்தால், தண்ணீர் போய்ச் சேரும்போது 25 நாள் நாற்று தயாராக இருக்கும். இரண்டும் ஒரே வாரத்தில் முற்றும், அறுவடை இயந்திரத்தையும் சேர்ந்தே வரவழைக்கலாம்.

தண்ணீர் இன்னும் தாமதித்தால் சிக்கல்தான். நாற்றைப் பிடுங்கிப் பாருங்கள். அடியில் கணு விட்டிருந்தால் தூர் சரியாகக் கட்டாது. அதற்காகவே கொஞ்சம் குறுகிய கால விதையை ஒதுக்கி வைக்கவேண்டும்.

தலைவர் உழவர்கள் எல்லோருக்கும் நன்றி சொன்னார். அந்த நாற்றங்காலுக்கு நிலம் விடப்போகிறவர்களையும் மேடையிலேயே கேட்டிருந்தால், எனக்கு நிறைவாக இருந்திருக்கும்.