தனியார் கையில் போனால் மீன் அழியுமா?

"மீன்பிடி உரிமையைத் தனியாருக்குக் கொடுத்தா மொத்தத்தையும் அள்ளிடுவான், எல்லாருக்கும் திறந்து விட்டாத்தான் மீன் மிஞ்சும்."

தவறு. ஒரு ஏரியை எடுத்துக்கொள்வோம். படகுக்குத் தினச் செலவு ₹200. ஒரே படகு இறங்கினால் ₹900-க்கு மீன் கிடைக்கும்; கூடுதலாக வரும் ஒவ்வொரு படகும் எல்லாருடைய பிடிப்பிலும் ₹100 குறைக்கும். திறந்து விட்டால், லாபம் தெரியும்வரை ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். எட்டாவது படகில் ஆளுக்கு ₹200தான், செலவுக்கே சரி. மொத்தப் பிடிப்பு ₹1600.

ஒரே உரிமையாளர் நான்கு படகோடு நிறுத்துவார்: பிடிப்பு ₹2400, லாபம் ₹1600. மீன் விலையைச் சந்தை தீர்மானிக்கும்வரை சமூகத்துக்கு உகந்த அளவும் அதே நான்குதான். ஊரில் மீன் விற்பவர் அவர் ஒருவரே என்றால், விலையேற்ற இன்னும் குறைவாகத்தான் பிடிப்பார்.

மெதுவாகப் பெருகும் இனமானால் கதை வேறு: மீன் பெருகும் வேகத்தைவிட வங்கி வட்டி அதிகமாக இருந்தால், உரிமையாளரே எல்லா மீனையும் இன்றே பிடித்து விற்றுக் காசாக்கப் பார்ப்பார். இன்னொன்று, அந்த ₹1600 யாருக்கு என்பது தனி வழக்கு. கரையில் நிற்கும் நான்கு படகுக்காரர்களைக் கேளுங்கள்.