பெல்லுக்குப் புள்ளி வைக்காதீங்க

போன வாரம் மாமா பொண்ணு கல்யாணப் பத்திரிகையின் ப்ரூஃப் காட்பாடியில் ஒரு அச்சகத்திலிருந்து வாட்ஸ்அப்பில் வந்தது. தேதி, முகூர்த்தம், மண்டபம் எல்லாம் சரி. புள்ளிகள்தான் இஷ்டத்துக்குக் கொட்டிக் கிடந்தன. மாப்பிள்ளைக்கு வேலை "பெ.ல்., ராணிப்பேட்டை" என்று போட்டிருந்தார்கள்!

எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: வாய் எப்படிச் சொல்கிறதோ, கை அப்படி எழுதணும். பி, எச், இ, எல் என்று நான்கு எழுத்தாகச் சொன்னால் பி.எச்.இ.எல். இது இனிஷியலிசம், எழுத்துக்கு ஒரு புள்ளி. ஆனால் நம்ம ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, "பெல்லில் வேலை" என்போம். லகரம் எப்படி இரட்டிக்கிறது பாருங்கள், கல் கல்லில் ஆவது போல. இலக்கணம் அதை முழுச் சொல்லாக ஏற்றுக்கொண்டுவிட்டது, அப்புறம் நடுவில் புள்ளிக்கு என்ன வேலை? அதுதான் அக்ரோனிம். இஸ்ரோவும் பக்கத்திலிருக்கும் சிப்காட்டும் இதே கணக்கு. சி.எம்.சி.யை மட்டும் எழுத்தெழுத்தாகத்தான் சொல்கிறோம், அதனால் அங்கே புள்ளி இருக்கட்டும். (செய்தித்தாள்கள் இப்போது புள்ளியே இல்லாமல் சிஎம்சி என்கின்றன. அதுவும் தப்பில்லை, ஒரே பக்கத்தில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.)

அடுத்தது பொண்ணு பெயருக்குப் பின்னால் "எம்.எஸ்.சி., பி.எச்.டி.". பட்டங்களில்தான் எல்லோரும் சறுக்குகிறோம், அங்கே வாயை மட்டும் நம்ப முடியாது. M.Sc. என்பதில் Sc இரண்டு தனிச் சொற்களின் முதலெழுத்து அல்ல, சயின்ஸ் என்ற ஒரே சொல்லின் வெட்டு. ஆகவே எம்.எஸ்சி. Ph.D.யில் Ph ஃபிலாசஃபி, D டாக்டர், அதனால் பிஎச்.டி., புள்ளி எச்சுக்குப் பிறகுதான். பி.காம்.காரர்கள் தப்பித்தார்கள், அதை யாரும் பி.சி.ஓ.எம். என்று எழுதுவதில்லை.

மூன்றாவது ரகம் கன்ட்ராக்‌ஷன். Mr, Dr போல நடுவை விட்டுவிட்டுக் கடைசி எழுத்தை வைத்துக்கொள்வது. பிரிட்டிஷ் வழக்கில் இதற்குப் புள்ளி கிடையாது, அமெரிக்காவில் உண்டு. வால் வெட்டுப்பட்ட Prof.க்கு இரண்டு இடத்திலும் புள்ளி உண்டு. தமிழில் பேராசிரியரை வெட்டி பேரா. என்று எழுதுகிறோமே, அதே மாதிரி. கோயம்புத்தூர் கோவையானதும் ஒருவகைக் குறுக்கம்தான், அதை நம்மவர்கள் மரூஉ என்பார்கள், அதற்கு என்றைக்குப் புள்ளி வைத்தோம்?

இப்போது என் தீராத எரிச்சலுக்கு வருகிறேன். "திரு." திரு எதன் சுருக்கம்? எதுவும் வெட்டப்படவில்லை, அது முழுச் சொல். Mr.ஐப் பார்த்துப் பழகிய கை அந்தப் புள்ளியை வைக்கிறது, அவ்வளவுதான். செல்விக்கு யாராவது புள்ளி வைக்கிறார்களா? "கதவு எண். 14" என்பதும் அதே கூத்து, No. பார்த்து வந்த புள்ளி. பழைய பத்திரிகைகளில் "நெ. 14" என்றிருக்கும், அது சரி, நெம்பரை வெட்டியிருக்கிறார்கள். அதே பத்திரிகைகளின் "வ.ஆ. மாவட்டம்" கூடச் சரிதான், வட ஆற்காட்டின் முதலெழுத்துகள்.

எல்லாவற்றையும் சிவப்பில் சுழித்து அனுப்பினேன். பெல், எம்.எஸ்சி., பிஎச்.டி. திருந்திவிட்டன. திருவில் மட்டும் மாமா அசையவில்லை. "சம்பந்தி பேருக்கு முன்னாடி புள்ளி இல்லன்னா மரியாதை கொறஞ்ச மாதிரி இருக்குதுப்பா, வச்சிடச் சொல்லு" என்றார். வச்சாச்சு, 400 பத்திரிகையிலும்.